தூக்கத்தில் அலறும் குழந்தை: இரவு அலறலா, கெட்ட கனவா? அந்தப் பத்து நிமிடம் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று எழுந்து உட்கார்ந்து வீறிட்டு அலறும். கண் திறந்திருக்கும், ஆனால் எதிரே இருக்கும் உங்களைப் பார்க்காது. தூக்கினால் திமிறும். அம்மாவின் மடியில் இருந்துகொண்டே "அம்மா வேணும்" என்று கத்தும். உடம்பு வியர்த்து, நெஞ்சு படபடவென்று அடிக்கும். பத்து நிமிடம் கழித்து எதுவும் நடக்காதது போலப் படுத்துத் தூங்கிவிடும். அதற்குப் பிறகு தூக்கம் வராமல் கிடப்பது நாம்தான்.

எங்கள் மகளுக்கு இது தொடங்கியபோது ஆளுக்கொரு யோசனை வந்தது. பூச்சி மருந்து கொடு என்றார்கள், பால் புகட்டு என்றார்கள், எழுப்பி முகம் கழுவிவிடு என்றார்கள். அலறுகிற அந்த நேரத்தில் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று வரிசையாகச் சொல்ல மட்டும் ஆள் இல்லை. குழந்தைகள் டாக்டரிடம் கேட்டும், தேடிப் படித்தும், வீட்டில் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை அந்த வரிசையிலேயே தருகிறேன்.

1. முதலில் மணியைப் பாருங்கள்

குழந்தை இரவில் அலறுவதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று இரவு அலறல். டாக்டர்கள் நைட் டெரர் என்றோ ஸ்லீப் டெரர் என்றோ சொல்வார்கள். இன்னொன்று கெட்ட கனவு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை மற்றதற்குச் செய்தால் நிலைமை மோசமாகும். அதனால்தான் முதல் வேலையாகக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

தூங்கத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் குழந்தைகளுக்கு மிக ஆழ்ந்த தூக்கம் வரும். கட்டிலிலிருந்து தூக்கி வேறு அறையில் போட்டாலும் தெரியாத தூக்கம் அது. அந்த ஆழத்திலிருந்து மேலோட்டமான தூக்கத்துக்கு வரும்போது, சில குழந்தைகளுக்கு மூளையின் ஒரு பகுதி விழித்துக்கொள்கிறது, இன்னொரு பகுதி தூங்கிக்கொண்டே இருக்கிறது. கண் திறக்கும், வாய் கத்தும், கால் உதைக்கும்; ஆனால் பிள்ளை விழித்திருக்கவில்லை. இதுதான் இரவு அலறல். ஆகவே இது பெரும்பாலும் தூங்கிய ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வரும். ஒன்பது மணிக்குத் தூங்கிய பிள்ளை பத்தேகாலுக்கோ பதினொன்றுக்கோ அலறினால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்.

கனவுகள் அதிகம் வருவது இரவின் பின்பகுதியில். விடிகாலை மூன்று, நான்கு, ஐந்து மணிக்கு அழுதுகொண்டே எழுந்தால் கெட்ட கனவாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

மணி மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது உண்மைதான். பகலில் தாமதமாகத் தூங்கி எழுந்த பிள்ளைக்கும், காய்ச்சலில் இருக்கும் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு மாறலாம். அதனால் அடுத்த அடையாளத்தையும் பாருங்கள்.

2. பிள்ளை உங்களிடம் வருகிறதா, உங்களைத் தள்ளுகிறதா?

கெட்ட கனவு கண்ட பிள்ளை முழுசாக விழித்திருக்கும். உங்களைத் தேடும், கழுத்தைக் கட்டிக்கொள்ளும், இறக்கிவிட்டால் மறுபடி அழும். பேசத் தெரிந்த பிள்ளை "நாய் வந்துச்சு" என்று இரண்டு வார்த்தையாவது சொல்லும். திரும்பத் தூங்கப் பயப்படும்.

இரவு அலறலில் இருக்கும் பிள்ளை உங்களை அடையாளம் காணாது. கூப்பிட்டால் திரும்பாது, அல்லது திரும்பி உங்களை ஊடுருவி வேறு எதையோ பார்ப்பது போல இருக்கும். அணைத்தால் திமிறிக்கொண்டு தள்ளும். எவ்வளவு சமாதானம் செய்கிறீர்களோ அவ்வளவு கத்தல் கூடும். அது முடியும்போது படிப்படியாகத் தணியாமல் சட்டென்று நின்றுவிடும். காலையில் கேட்டால் ஒன்றும் தெரியாது.

சில குழந்தைகள் அலறாமல், அரை மணி நேரம் முனகியபடி புரண்டு உருண்டு அழுவார்கள். கேட்டதற்கெல்லாம் "வேணாம், வேணாம்" என்பார்கள். இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளிடம் இது அதிகம். இதுவும் அதே அரைவிழிப்பு வகைதான், கத்தல் மட்டும் குறைவு. கையாளும் விதமும் ஒன்றே.

3. இரவு அலறல் என்றால்: வரிசையாகச் செய்ய வேண்டியது

முதலில், டியூப் லைட்டைப் போடாதீர்கள். ஜீரோ வாட் பல்ப் வெளிச்சம் போதும். பளிச்சென்ற வெளிச்சமும், அடுத்த அறையிலிருந்து ஓடிவரும் ஆட்களும், "என்னாச்சு என்னாச்சு" என்ற குரல்களும் அரைத்தூக்கத்தில் இருக்கும் மூளைக்கு மேலும் கலக்கம் கொடுக்கும். ஒரே ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

இரண்டாவது, சுற்றிலும் இருப்பதை அகற்றுங்கள். உண்மையில் இரவு அலறலில் குழந்தைக்கு வரக்கூடிய ஆபத்து அலறலால் வருவதில்லை, அடிபடுவதால்தான் வருகிறது. தலைமாட்டில் இருக்கும் தண்ணீர்ச் சொம்பு, சார்ஜர் வயர், கட்டில் சட்டம், ஜன்னல் கம்பி இவற்றைப் பாருங்கள். பிள்ளை கட்டில் ஓரத்தில் இருந்தால் நீங்கள் அந்த ஓரத்துக்கு மாறி உட்காருங்கள். அடிக்கடி வருகிறது என்றால் சில வாரங்களுக்கு மெத்தையைத் தரையில் போட்டுவிடுவது நல்லது. சேலைத் தூளியில் படுக்க வைக்கும் வழக்கம் இருந்தால் இந்தக் காலத்தில் அதை நிறுத்திவிடுங்கள். எழுந்து நின்று திமிறும் பிள்ளை அதிலிருந்து விழவும், துணியில் கழுத்து சுற்றிக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கிறது.

மூன்றாவது, கை எட்டும் தூரத்தில் உட்காருங்கள், ஆனால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். பெற்ற மனசுக்கு இதுதான் கஷ்டம். கத்துகிற பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைக்கத்தான் கை போகும். ஒருமுறை மெல்ல முதுகில் கை வைத்துப் பாருங்கள். அதில் அடங்குகிறது என்றால் கையை அப்படியே வைத்திருங்கள். உதறினால் கையை எடுத்துவிடுங்கள், திரும்பத் திரும்ப முயல வேண்டாம். எழுந்து நடக்கத் தொடங்கினால் வழிமறிக்காமல் கூடவே நடந்து, தோளில் லேசாகக் கை வைத்துப் படுக்கைப் பக்கம் திருப்பிவிடுங்கள். படிக்கட்டு, பால்கனி, வாசல் கதவு இவை இருக்கும் வீட்டில் இரவில் தாழ்ப்பாள் போட்டு வையுங்கள்.

நான்காவது, பேசினால் ஒரே வாக்கியம், தாழ்ந்த குரல். "அம்மா இங்கதான் இருக்கேன், தூங்கு" என்பதையே இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். கேள்வி வேண்டாம். "எங்க வலிக்குது? வயிறா? காதா? பூச்சி கடிச்சுதா?" என்று கேட்டால் தூங்குகிற பிள்ளையால் பதில் சொல்ல முடியாது, ஒவ்வொரு கேள்விக்கும் அழுகைதான் கூடும்.

ஐந்தாவது, எழுப்பாதீர்கள். எழுப்பினால் மூளைக்குக் கெடுதல் வந்துவிடும் என்றெல்லாம் இல்லை. எழுப்புவது சுலபமாக நடக்காது, நடந்தாலும் பிள்ளை தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நிஜமாகவே பயந்துபோகும், பிறகு தூங்க ஒரு மணி நேரம் ஆகும். குலுக்குவது, கன்னத்தில் தட்டுவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எதுவும் வேண்டாம். டிவியோ செல்போனில் கார்ட்டூனோ போட்டுக் காட்டவும் வேண்டாம்.

ஆறாவது, வாயில் எதையும் கொடுக்காதீர்கள். அழுகிறதே என்று பால் பாட்டிலையோ தண்ணீரையோ வாயில் வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. பிள்ளை கத்திக்கொண்டிருக்கிறது, விழித்திருக்கவில்லை, புரையேறும்.

பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், சில சமயம் இருபது வரை போகும். முடிவது தெளிவாகத் தெரியும்: உடம்பு திடீரென்று தளர்ந்து, ஒரு பெருமூச்சு விட்டு, அப்படியே சாய்ந்துவிடும். சாய்ந்த பிறகு நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். வியர்வையில் சட்டை நனைந்திருந்தால் துடைத்துவிடுங்கள், மாற்றுவதற்காக எழுப்ப வேண்டாம். தானாகக் கண் விழித்துவிட்டால் ஒன்றுக்குக் கூட்டிப்போய் வந்து, எதுவும் பேசாமல் படுக்க வையுங்கள். மூத்திரம் முட்டுவதும் இதைத் தூண்டக்கூடிய ஒன்று. அன்றிரவு மறுபடி வருமோ என்று காத்திருக்கத் தேவையில்லை. பொதுவாக ஓர் இரவில் ஒருமுறைதான் வரும்.

4. கெட்ட கனவு என்றால் எல்லாமே நேர்மாறு

இங்கே பிள்ளை விழித்திருக்கிறது, பயந்திருக்கிறது, உங்களைத் தேடுகிறது. உடனே தூக்குங்கள், அணைத்துக்கொள்ளுங்கள், விளக்கு கேட்டால் போடுங்கள். "கனவு கண்டாயா? அது போய்விட்டது, அம்மா பக்கத்தில் இருக்கிறேன்" என்ற அளவில் சொன்னால் போதும். மூன்று வயதுக்குக் கீழே கனவு எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. "அதெல்லாம் ஒண்ணுமில்லை, பொய்" என்று அடக்குவதும் பலிக்காது. டார்ச் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தேடிக் காட்டுவதும் சரிவராது. தேடுகிறார்கள் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

தூங்கும்வரை பக்கத்தில் படுத்திருங்கள். என்ன கனவு என்று அந்த நேரத்தில் துருவ வேண்டாம். காலையில் பிள்ளையே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அடிக்கடி வந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் என்ன வீடியோ பார்க்கிறது, சாப்பிட வைக்கும்போது யார் பூச்சாண்டியைக் கூப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். "சாப்பிடலைன்னா பூச்சாண்டி தூக்கிட்டுப் போயிடுவான்" என்று பகலில் சொன்ன பூச்சாண்டி, விடிகாலைக் கனவில் வருவது இந்த வயதில் சகஜம்.

5. வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்

இரவு பதினொன்றுக்குப் பிள்ளை அலறும்போது நின்று விளக்கம் சொல்ல முடியாது. பகலில், எல்லோரும் நிதானமாக இருக்கும்போது சொல்லி வையுங்கள்.

எங்கள் அத்தை, அதாவது கணவரின் அம்மா, "புள்ள எதையோ பார்த்துப் பயந்திருக்கா, பள்ளிவாசல்ல ஓதிட்டு வந்தா சரியாயிடும்" என்றார்கள். அழைத்துப் போய்விட்டு வந்தோம். அந்த வழக்கத்தோடு எனக்குச் சண்டை கிடையாது. பிள்ளைமேல் உள்ள பாசத்தில் செய்வது அது. சாயங்காலம் சுற்றிப் போட்டால் யாருக்கும் கெடுதல் வரப்போவதில்லை. நான் அவர்களிடம் கேட்டுக்கொண்டது, எது செய்தாலும் அலறல் நேரத்தில் வேண்டாம், பிள்ளை விழித்திருக்கும்போது செய்யலாம் என்பதை மட்டும்தான். அதை உடனே ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, கற்பூரம் பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது, தலையணை அடியிலும் வைக்கக் கூடாது. கொஞ்சம் விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். இரண்டு, மிளகாய் சுற்றிப் போட்டு அதே அறையில் எரிப்பது. மூச்சுத் திணறல் உள்ள பிள்ளைக்கு அந்தப் புகை ஆபத்து. மூன்று, "நல்லா தூங்கட்டும்" என்று வீட்டில் இருக்கும் சளி சிரப்பில் ஒரு மூடி ஊற்றிக் கொடுப்பது. சளி சிரப்புகள் பலவற்றில் உள்ள குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கலவையை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே அறிவித்தது. தூக்கத்துக்காக எந்த மருந்தையும் நாமாகக் கொடுக்க வேண்டாம்.

6. காலையில் குறித்து வையுங்கள்

காலையில் பிள்ளையிடம் "ராத்திரி ஏன் அப்படிக் கத்தினே?" என்று கேட்காதீர்கள், பிள்ளை காதுபட உறவினரிடம் விவரிக்கவும் வேண்டாம். அதற்கு ஞாபகம் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டால் தூக்கம் என்றாலே ஏதோ தப்பு என்ற பயம் புதிதாக வந்துவிடும்.

நீங்கள் ஒரு நோட்டிலோ காலண்டர் கட்டத்திலோ ஐந்து விவரம் எழுதுங்கள்: பகலில் எத்தனை மணி நேரம் தூங்கியது, இரவு எத்தனை மணிக்குத் தூங்கியது, அலறல் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அன்று என்ன வித்தியாசம் (காய்ச்சல், பயணம், விருந்தாளி, பகல் தூக்கம் விட்டுப்போனது). இரண்டு வாரம் எழுதினால் பெரும்பாலும் உங்களுக்கே ஏதோ பிடிபடும்.

கூடவே செல்போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். ப்ளாஷ் போடாமல், முகமும் கை கால்களும் சேர்ந்து தெரியும்படி, ஒன்றிரண்டு நிமிடம். கடைசியில் எப்படி முடிகிறது என்பது பதிவானால் இன்னும் நல்லது. டாக்டருக்கு நீங்கள் வாயால் சொல்லும் அரை மணி நேர விவரத்தைவிட இந்த வீடியோ உதவும்.

7. தூக்கக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இரவு அலறலைத் தூண்டுவதில் முதலிடம் தூக்கக் குறைவுக்கு. தூக்கம் பாக்கி விழுந்தால் உடம்பு அதை ஈடுகட்ட இன்னும் ஆழமாகத் தூங்கும். எவ்வளவு ஆழமோ அவ்வளவு கஷ்டம் அதிலிருந்து வெளியே வருவது. அடுத்து காய்ச்சல், புது இடம், திடீர்ச் சத்தம். பெற்றோரில் ஒருவருக்குச் சின்ன வயதில் தூக்கத்தில் நடக்கும் பழக்கம் இருந்தால் பிள்ளைக்கு இது வர வாய்ப்பு கூடுதல்.

ஒன்று முதல் இரண்டு வயதுவரை ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம், மூன்று முதல் ஐந்து வயதுவரை 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். பகல் தூக்கமும் இதில் சேர்ந்ததுதான். மூன்றாவது பிறந்தநாள் வரை முதல் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். மகளுக்கு இரண்டே முக்கால் வயது, ஜூனில் ப்ளே ஸ்கூல் சேர்த்தோம். அதற்கு முன் இரவு ஒன்பதரைக்குத் தூங்கி காலை எட்டுக்கு எழுவாள், மதியம் இரண்டு மணி நேரம் தூங்குவாள். மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம். பள்ளி தொடங்கியபின் வேனுக்காக ஆறே முக்காலுக்கு எழுப்ப வேண்டியிருந்தது. திரும்பி வரும் வேனிலேயே இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிடுவாள். வீட்டுக்கு வந்தபின் மதியத் தூக்கம் வராது. அப்பா ஒன்பதரைக்கு வருவார், அவரோடு விளையாடி, தூங்கப் பத்தாகிவிடும். பத்திலிருந்து ஆறே முக்கால் வரை எட்டே முக்கால் மணி நேரம், வேன் தூக்கத்தையும் சேர்த்தால் ஒன்பதை எட்டிச் சற்றுத் தாண்டும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தது. அலறல் வந்ததெல்லாம் பதினொன்றேகாலை ஒட்டி.

மாற்றியது இவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்து எட்டரைக்கு விளக்கணைத்தோம். வேனில் தூங்கிவிடாதபடி நானே போய் அழைத்து வந்து, சோறு ஊட்டி, ஒன்றரை மணிக்குப் படுக்க வைத்தேன். ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். மொத்தம் பன்னிரண்டுக்குக் கால் மணி குறைவு. ஆனால் முதலில் அலறல் நிற்கவில்லை, ஒன்பதரைக்கு நகர்ந்தது. நோட்டைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது: எட்டரைக்குத் தூங்கினால் ஒன்பதரை மணி அவளுடைய ஆழ்ந்த தூக்கத்தின் நடு நேரம், அந்த நேரத்தில்தான் அப்பாவின் பைக் வாசலில் வந்து நிற்கும், இரும்பு கேட்டின் தாழ்ப்பாள் க்ரீச்சென்று விழும். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு, அவரும் தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தார். அப்பாவோடு விளையாட்டு காலைக்கு மாறியது. அதன்பின் படிப்படியாகக் குறைந்தது. காய்ச்சல் வந்தபோது மறுபடி தலைகாட்டியது, காய்ச்சலோடு போனது.

உங்கள் வீட்டில் பைக்குக்குப் பதில் சீரியல் சத்தமாக இருக்கலாம், மிக்ஸியாக இருக்கலாம், கோயில் ஒலிபெருக்கியாக இருக்கலாம். தூங்கிய மணியையும் அலறிய மணியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் தெரிந்துவிடும்.

8. தூக்கம் சரியான பிறகும் தினமும் வந்தால்: முன்கூட்டி எழுப்புதல்

இது எல்லோருக்கும் தேவைப்படாது. கிட்டத்தட்ட தினமும், அதுவும் ஏறக்குறைய ஒரே மணிக்கு வருகிறது என்றால் மட்டும் முயலலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அலறல் வழக்கமாகப் பத்தரைக்கு என்றால், பத்து அல்லது பத்தேகாலுக்கு நீங்களே போய் மெல்லக் கூப்பிட்டு, தோளைத் தடவி எழுப்புங்கள். முழு விழிப்பு வேண்டாம். கண்ணைத் திறந்து உங்களைப் பார்த்து, "ம்" என்று முனகினாலோ திரும்பிப் படுத்தாலோ போதும். பிறகு தூங்கவிடுங்கள். அந்த ஆழ்ந்த தூக்கச் சுற்று இடையில் கலைந்துவிடுவதால் அலறலுக்கு வழி இல்லாமல் போகிறது. இரண்டிலிருந்து நான்கு வாரம் ஓர் இரவும் விடாமல் செய்துவிட்டு நிறுத்திப் பாருங்கள்.

இதில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பிள்ளை தூங்கும் நேரம் நாளுக்கு நாள் மாறினால் அலறல் மணியும் மாறும், நீங்கள் எழுப்பும் மணி பொய்த்துவிடும். ஆகவே ஏழாவது படியை முடிக்காமல் இதற்கு வர வேண்டாம். எழுப்பும்போதே அலறல் தொடங்கிவிட்டால், அடுத்த நாள் பத்து நிமிடம் முன்னதாக எழுப்புங்கள்.

9. டாக்டரிடம் எப்போது, என்ன எடுத்துப்போவது, எவ்வளவு ஆகும்

எப்போதாவது வரும் இரவு அலறலுக்கு மருந்து தேவையில்லை, ஸ்கேனும் தேவையில்லை. வளர வளரத் தானாகக் குறையும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதில் மூன்றில் ஒரு குழந்தைக்கு இது இருந்தது தெரிந்தது. ஆனால் கீழே சொல்பவை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

குறட்டை, வாயால் மூச்சு விடுதல், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல் இருந்தால் டான்சிலோ மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையோ வீங்கியிருக்கலாம். மூச்சு தடைபட்டுத் தூக்கம் கலையும்போது அலறல் வரலாம்; அதைச் சரிசெய்தால் பெரும்பாலும் இதுவும் நிற்கும். இரவு முழுக்கக் காலை உதைத்துக்கொண்டே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவா என்று ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். ஓர் இரவில் பலமுறை வருவது, அரை மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது, பகலிலும் மந்தமாக இருப்பது ஆகியவற்றையும் காட்ட வேண்டும்.

முக்கியமாகப் பிரித்தறிய வேண்டியது வலிப்பு. தூக்கத்தில் வரும் சில வகை வலிப்புகள் அலறலோடு தொடங்கும். அவை பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி நடக்கும், இரவின் எந்த நேரத்திலும், ஒரே இரவில் பலமுறை வரும். உடம்பு விறைப்பது, கை கால் ஒரே தாளத்தில் வெட்டுவது, ஒரு பக்கமாகக் கண் இழுப்பது, வாயில் எச்சில் வழிவது, உதடு நீலமாவது இவையெல்லாம் இரவு அலறலில் இருக்காது.

எடுத்துப்போக வேண்டியவை: இரண்டு வாரக் குறிப்பு, செல்போன் வீடியோ, தடுப்பூசி அட்டை, கொடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகளின் சீட்டு அல்லது பாட்டில், குடும்பத்தில் யாருக்காவது வலிப்போ தூக்கத்தில் நடப்பதோ உண்டா என்ற விவரம். இந்தக் கடைசி விவரத்தை இரண்டு பக்கப் பாட்டிகளிடமும் கேட்டுவிட்டே போங்கள். டாக்டர் நிச்சயம் கேட்பார்.

செலவைப் பொறுத்தவரை, தனியார் குழந்தைகள் டாக்டருக்குச் சில நூறு ரூபாய். அரசு மருத்துவமனை என்றால் காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்க வேண்டும், கட்டணம் இல்லை. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது, மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு. வலிப்பு என்று சந்தேகம் இருந்தால்தான் தலையில் வயர் ஒட்டி எடுக்கும் ஈஇஜி. தனியாரில் அதற்கு ஆயிரம் ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை ஆகும். எண்ணெய் இல்லாத தலையோடு வரச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைக்குத் தூங்கும்போதுதான் எடுப்பார்கள் என்பதால், முந்தின இரவு தாமதமாகத் தூங்கவைக்க வேண்டுமா என்று நாள் குறிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரவு முழுக்க வைத்துப் பார்க்கும் தூக்கப் பரிசோதனைக்குப் பல ஆயிரம் ஆகும். குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் தவிர அதைக் கேட்க மாட்டார்கள். வீடியோவைக்கூடப் பார்க்காமல் பரிசோதனை எழுதித் தந்தால், எதைச் சந்தேகித்து எழுதுகிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

வலிப்பு போலவே இருந்தால் அந்த நேரத்தில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணியைப் பாருங்கள். வாயில் விரலோ கரண்டியோ தண்ணீரோ வைக்கக் கூடாது, கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எதுவும் நிற்காது. ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டாலும், நின்றபின் பிள்ளை சரியாக மூச்சு விடாவிட்டாலும், இப்படி வருவது இதுவே முதல் முறை என்றாலும் 108-ஐ அழையுங்கள்.